பயிற்சி மையத்துக்குத் தரைத்தளக் கட்டடம் குத்தகைக்கு எடுப்பது குறித்த சிறப்புப் பொதுக்குழுத் தீர்மானம்

தீர்மானம் எண் 3 / 2025
கூட்ட நாள்: 14 செப்டம்பர் 2025, ஞாயிறு, காலை 10.30
தலைமை: சங்கத் தலைவர்
வருகை: 118 உறுப்பினர்களில் 71 பேர். விதிப்படி 40 பேர் போதும் என்பதால் கோரம் சரியாக இருந்தது.

மாற்றுத்திறன் கொண்ட நம் பிள்ளைகளுக்கான பகல் நேரப் பயிற்சி மையம் இப்போது முதல் மாடியில் நடக்கிறது. லிஃப்ட் இல்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளைப் பெற்றோரும் ஆயாக்களும் தினமும் தூக்கிக்கொண்டுதான் படியேறுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தூக்குபவர்களுக்கும் வயதாகிறது. இது நீடிக்கக் கூடாது என்று நிர்வாகக் குழு மார்ச் மாதமே முடிவெடுத்து, இடம் பார்க்கத் துணைக்குழு அமைத்தது. துணைக்குழு பரிந்துரைத்த தரைத்தளக் கட்டடம் 1,850 சதுர அடி. தனி வாசல், இரண்டு கழிப்பறை, வேன் உள்ளே வந்து திரும்ப இடம், எல்லாம் இருக்கிறது. புல எண், கதவு எண், நான்கு எல்லைகள் அடங்கிய சொத்து விவரமும் வரைபடமும் இணைப்பு 1-இல் உள்ளன. அந்த இணைப்பு இத்தீர்மானத்தின் பகுதியே.

ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடப்பாட்டை நிர்வாகக் குழு தானாக ஏற்க நம் துணைவிதிகள் இடம் தரவில்லை. முதல் ஆண்டு வாடகையே 5,04,000 ரூபாய். அதனால்தான் விஷயம் பொதுக்குழுவுக்கு வந்தது.

விவாதத்துக்குப் பின் பின்வருமாறு தீர்மானிக்கப்பட்டது.

மேற்படி கட்டடத்தின் தரைத்தளத்தை 1 நவம்பர் 2025 முதல் 31 அக்டோபர் 2030 வரை ஐந்து ஆண்டுகளுக்கு, பயிற்சி மையமும் சங்க அலுவலகமும் நடத்துவதற்காகக் குத்தகைக்கு எடுக்கப் பொதுக்குழு ஒப்புதல் தருகிறது. மராமத்து செய்துகொள்ள அக்டோபர் மாதம் முழுவதும் வாடகையின்றிச் சாவி தர உரிமையாளர்கள் இசைந்திருக்கிறார்கள். இது வாய்மொழியாக நில்லாமல் பத்திரத்தில் ஏற வேண்டும்.

மாத வாடகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 42,000 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 44,520 ரூபாய், ஐந்தாம் ஆண்டுக்கு 47,190 ரூபாய். கையெழுத்திடுபவர்கள் இதைக் குறைத்துப் பேசலாம். ஒரு ரூபாய்கூட ஏற்ற அதிகாரம் இல்லை. அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, அதாவது 2,52,000 ரூபாய். காலி செய்த 15 நாட்களுக்குள் அது திரும்ப வர வேண்டும். வாடகை பாக்கி, மின் கட்டண பாக்கி, நாம் உண்டாக்கிய சேதம் ஆகியவற்றுக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம். பெயின்ட் மங்கியது, தரை தேய்ந்தது போன்ற சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. சட்டப்படி வரி பிடிக்க வேண்டிய நிலை வந்தால், பிடித்துச் செலுத்திய பிறகே வாடகை தரப்படும்.

பொதுக்குழு அதிகம் பேசியது காலி செய்வது பற்றித்தான். இடம் மாறினால் பழக வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். எனவே வாடகை ஒழுங்காகச் செலுத்தும்வரை ஐந்து ஆண்டுகளுக்குள் உரிமையாளர்கள் காலி செய்யச் சொல்லக் கூடாது. சங்கம் மட்டும் முதல் ஆண்டுக்குப் பின் மூன்று மாத எழுத்து மூல நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். கட்டடம் இடையில் விற்கப்பட்டாலும் வாங்குபவர் இக்குத்தகைக்குக் கட்டுப்பட்டவர் என்ற வாசகம் பத்திரத்தில் இருக்க வேண்டும். விற்பதாக இருந்தால் முதலில் சங்கத்துக்குத் தெரிவித்து 30 நாள் அவகாசம் தர உரிமையாளர்கள் சம்மதித்துள்ளனர். அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் வாங்குவதற்கு இத்தீர்மானம் அனுமதி ஆகாது. அதற்குத் தனியாகப் பொதுக்குழு கூட வேண்டும்.

பதினொரு மாத ஒப்பந்தமாக எழுதி அவ்வப்போது புதுப்பித்தால் பதிவுச் செலவு மிச்சமாகுமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அப்படிச் செய்தால் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளின் இடம் கேள்விக்குறியாகும் என்பதால் அந்த யோசனை ஏற்கப்படவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியது. உரிய முத்திரைத் தீர்வை செலுத்தி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே தீர வேண்டும்.

சாய்தளம், கைப்பிடிக் கம்பிகள், கழிப்பறைக் கதவை அகலப்படுத்துதல் ஆகிய வேலைகளுக்கு உரிமையாளர்களின் எழுத்து மூல அனுமதி பத்திரத்திலேயே இடம்பெற வேண்டும். காலி செய்யும்போது இவற்றை இடித்துப் பழையபடி ஆக்கித் தரும் பொறுப்பு சங்கத்துக்கு இல்லை. கூரைக் கசிவு, சுவர் விரிசல், மோட்டார், சொத்து வரி ஆகியவை உரிமையாளர்கள் பொறுப்பு. தனி மீட்டர்படி மின் கட்டணமும் அன்றாடச் சில்லறைப் பழுதும் சங்கத்தின் பொறுப்பு.

செலவு வரம்பு: அட்வான்ஸ் 2,52,000 ரூபாய், மராமத்து 3,20,000 ரூபாய், முத்திரைத் தீர்வை, பதிவு, வழக்கறிஞர் கட்டணம் சேர்த்து 60,000 ரூபாய், ஆக 6,32,000 ரூபாய். இது கட்டட நிதியில் இருக்கும் 7,85,000 ரூபாயிலிருந்து எடுக்கப்படும். ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. வைப்பு நிதியைத் தொடக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. மராமத்துக்குக் குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெற வேண்டும்.

தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி ஆகியவற்றைச் சங்க வழக்கறிஞர் பார்த்து எழுத்து மூலம் கருத்துத் தரும்வரை டோக்கன் அட்வான்ஸ் உட்பட எந்தத் தொகையும் கொடுக்கக் கூடாது. கட்டடம் அண்ணன் தம்பி இருவர் பெயரில் இருப்பதால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் அதிகார ஆவணம் மூலம் கையெழுத்திட்டால், குத்தகைக்கு விடும் அதிகாரம் அதில் தெளிவாக இருக்கிறதா, அது இன்னும் நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கட்டடத்தின் பேரில் வங்கி அடமானம் இருந்தால் வங்கியின் இசைவுக் கடிதமும் தேவை. கருத்து வந்த பின் 50,000 ரூபாயும், பதிவு நாளன்று மீதி 2,02,000 ரூபாயும் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியாக மட்டுமே செலுத்தப்படும். ரொக்கம் கிடையாது.

சங்கத்தின் சார்பில் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடச் செயலாளரும் பொருளாளரும் கூட்டாக அதிகாரம் பெறுகிறார்கள். ஒருவர் மட்டும் இட்ட கையெழுத்து சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இருவரில் ஒருவரால் இயலாமல் போனால் அவருக்குப் பதில் தலைவர் கையெழுத்திடலாம். சார்பதிவாளர் முன் ஆஜராவது, பத்திரத்தைத் திரும்பப் பெறுவது, மின் இணைப்பு தொடர்பான விண்ணப்பங்கள் ஆகியவற்றைச் செயலாளர் தனியாகவே செய்யலாம். உள்வாடகைக்கு விடவோ, பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்கவோ, மேலே சொன்ன நிபந்தனைகளைத் தளர்த்தவோ இவர்கள் யாருக்கும் அதிகாரம் இல்லை. 31 டிசம்பர் 2025-க்குள் பதிவு முடியாவிட்டால் இந்த அதிகாரம் தானாகக் காலாவதியாகும். பதிவான பத்திரத்தின் நகலும் செலவுக் கணக்கும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் தாம் உரிமையாளர்களின் உறவினர் என்பதை விவாதத்துக்கு முன்பே தெரிவித்தார். அவர் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை. வாடகை சங்கத்தின் மாத வருமானத்துக்கு அதிகம் என்று நான்கு உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தனர். அவர்கள் கேட்டுக்கொண்டபடி அக்காரணம் இங்கே பதியப்படுகிறது. அவர்களின் கவலையை ஏற்று, மாதாந்திர வரவு செலவு நிலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா உறுப்பினர்களுக்கும் பொருளாளர் அனுப்ப வேண்டும் என்றும் தீர்மானிக்கப்பட்டது.

ஆதரவு 66, எதிர்ப்பு 4, வாக்களிக்காதவர் 1. தீர்மானம் நிறைவேறியது.

முன்மொழிந்தவர்: துணைத் தலைவர்
வழிமொழிந்தவர்: இடத் தேர்வுத் துணைக்குழு ஒருங்கிணைப்பாளர்

இது பொதுக்குழு நடவடிக்கைப் பதிவேட்டில் உள்ள தீர்மானத்தின் உண்மை நகல் எனவும், இத்தீர்மானம் மாற்றப்படாமலும் ரத்து செய்யப்படாமலும் இன்றுவரை நடப்பில் உள்ளது எனவும் சான்றளிக்கிறோம்.

(ஒப்பம்) தலைவர்
(ஒப்பம்) செயலாளர்
சங்க முத்திரை
18 செப்டம்பர் 2025