பகுதி நேர விரிவுரையாளரின் விடுப்பு விண்ணப்பம்

காரைக்குடி
04.08.2025

அனுப்புநர்
சி. மெய்யம்மை,
பகுதி நேர விரிவுரையாளர், வரலாற்றுத் துறை.

பெறுநர்
கல்லூரி முதல்வர் அவர்கள்.
வழி: வரலாற்றுத் துறைத் தலைவர் அவர்கள்.

பொருள்: 11.08.2025 முதல் 21.08.2025 முடிய விடுப்பும், அந்நாட்களுக்குரிய 16 வகுப்புகளை ஈடுசெய்து நடத்த எழுத்துவழி ஒப்புதலும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தப் பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்குத் தமிழக வரலாறும் முதலாமாண்டு மாணவர்களுக்கு இந்திய வரலாறும், திங்கள் முதல் வியாழன் வரை வாரம் எட்டு வகுப்புகளாக நடத்தி வருகிறேன். கண்டனூரில் வசிக்கும் என் தாயாருக்கு மதுரையில் 12.08.2025 அன்று மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். முந்தைய நாளே மருத்துவமனையில் சேர வேண்டும். அவர் பல ஆண்டுகளாக ஒரு பெரிய வீட்டைக் காவல் பார்த்து, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நாள்தோறும் பெருக்கித் துடைத்து, படிகளில் ஏறி இறங்கி உழைத்தவர். கடந்த ஓராண்டாக ஒரு படி இறங்கவும் சுவரைப் பிடிக்கும் நிலையில் இருக்கிறார். காப்பீட்டு ஒப்புதலும் இந்தத் தேதியை ஒட்டியே கிடைத்திருப்பதால், பருவ விடுமுறை வரை தள்ளிப்போட வழியில்லை. அறுவைக்குப் பின் நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கப் பழகும் முதல் நாட்களில் உடன் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரில் பணிபுரியும் என் தம்பிக்கு 21ஆம் தேதி இரவுதான் ஊர் வந்து சேர முடிகிறது. அதுவரை தாயாருடன் இருக்க என்னைத் தவிர வேறு ஆளில்லை. ஆகவே 11.08.2025 திங்கள் முதல் 21.08.2025 வியாழன் முடிய எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இந்த நாட்களில் இரண்டாமாண்டுக்குப் பத்து, முதலாமாண்டுக்கு ஆறு என மொத்தம் 16 வகுப்புகள் விடுபடுகின்றன. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு செப்டம்பர் 10 அன்று தொடங்குவதால், அதற்குள் ஒரு வகுப்புகூடக் குறையாமல் அனைத்தையும் நடத்தி முடிக்கத் திட்டமிட்டிருக்கிறேன்.

இரண்டாமாண்டு மாணவர்களுக்கு, விடுப்பில் செல்லும் முன்பே, 08.08.2025 வெள்ளி பிற்பகலின் இரண்டு நூலகப் பாடவேளைகளிலும், விடுப்பு முடிந்த மறுநாளாகிய 22.08.2025 வெள்ளி அன்று அதே பாடவேளைகளிலும் இரண்டிரண்டு வகுப்புகள் நடத்துவேன். முதலாமாண்டுக்கு 29.08.2025 வெள்ளி பிற்பகலில் இரண்டு வகுப்புகள். ஆகஸ்டு 23, செப்டம்பர் 6 ஆகிய இரு சனிக்கிழமைகளிலும் காலை 9.30 முதல் 11.10 வரை முதலாமாண்டுக்கும், 11.20 முதல் 1.00 வரை இரண்டாமாண்டுக்கும் தலா இரண்டு வகுப்புகள். வேலை நாட்களின் மாலையில் வகுப்பு வைப்பதைப் பற்றியும் மாணவர்களிடம் கேட்டேன், அது சரிவராது. கல்லல், புதுவயல் பக்கத்திலிருந்து வரும் மாணவியர் மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தை நம்பியிருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் வீடு சேர இருட்டிவிடுகிறது. மாணவர்களில் சிலர் மாலையில் கடைகளில் வேலை பார்த்துத்தான் படிக்கிறார்கள். சனிக்கிழமை முழுநாளும் கடைக்குச் செல்வதாகச் சொன்ன மூவருக்கு மட்டும், அடுத்து வரும் திங்கள் உணவு இடைவேளையில் அந்தப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லித் தருவேன். அதற்கு மதிப்பூதியம் கோரமாட்டேன்.

இரண்டாமாண்டுக்கு எஞ்சியுள்ள இரண்டு வகுப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகக் குறிப்பிட விரும்புகிறேன். அப்போது நடத்த வேண்டிய பகுதி முற்காலப் பாண்டியர் குடைவரைகள். நம் மாணவர்களில் பெரும்பாலோர் சிறு வயதிலிருந்தே பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டு வந்தவர்கள். ஆயினும் தாம் வணங்கிய பிள்ளையார் குன்றைக் குடைந்த பாறையிலேயே வடிக்கப்பட்டவர் என்பதையும், பெருந்தச்சன் என்ற சொல் பொறித்த குறுங்கல்வெட்டு அங்கு இருப்பதையும், அதன் எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைக் கணிப்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அவர்களில் பலர் அறியவில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட அந்த இடத்திலேயே நின்று சொல்வது நன்று என்று உறுதியாக எண்ணுகிறேன். ஆகவே 30.08.2025 சனிக்கிழமை காலை 8 மணிக்குக் குன்றக்குடி மலையடிவாரக் குடைவரைகளையும், அதே சாலையில் மேற்கொண்டு சென்று பிள்ளையார்பட்டியையும் காட்டி இரண்டு வகுப்புகளை நடத்த அனுமதி வேண்டுகிறேன். விநாயகர் சதுர்த்தி 27ஆம் தேதி வருவதால், அதற்கு முந்தைய விழா நாட்களின் கூட்டத்தில் மாணவர்களை நிறுத்திப் பாடம் சொல்ல இயலாது என்றுதான் 30ஆம் தேதியைத் தேர்ந்தேன். பயண நேரத்தை வகுப்பாகக் கணக்கிடமாட்டேன். வர இயலாதவர்களுக்கு அதே பகுதியைத் திங்களன்று படங்களுடன் விளக்குவேன்.

என் விடுப்பு நாட்களில் அந்தப் பாடவேளைகள் வெறுமனே கழியாதிருக்க, துறையின் மற்ற ஆசிரியர்கள் தத்தம் தாள்களை நடத்திக்கொள்ள இசைந்துள்ளார்கள். அதற்கு ஈடாகவே மேற்கண்ட வெள்ளிக்கிழமைப் பாடவேளைகளை எனக்கு விட்டுத் தருகிறார்கள். துறைத் தலைவர் இந்த மாற்றத்தைப் பார்த்துச் சம்மதம் தெரிவித்திருக்கிறார்.

மதிப்பூதியம் பற்றியும் தெளிவாக எழுதிவிடுவது நல்லது என்று கருதுகிறேன். எனக்கு வகுப்பு ஒன்றுக்கு ரூ.350 வழங்கப்படுகிறது, நடத்தாத வகுப்புக்கு ஊதியம் இல்லை என்பதை அறிவேன், விடுப்பு நாட்களுக்கு எதையும் கேட்கவில்லை. ஈடுசெய்யும் 16 வகுப்புகளுக்குரிய ரூ.5,600இல், ஆகஸ்டில் நடைபெறும் பன்னிரண்டுக்கு ரூ.4,200ஐ ஆகஸ்டு பட்டியலிலும், செப்டம்பரில் நடைபெறும் நான்குக்கு ரூ.1,400ஐ அம்மாதப் பட்டியலிலும் சேர்க்க அனுமதிக்க வேண்டுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், உடல்நலக் குறைவால் விடுபட்ட ஒன்பது வகுப்புகளைச் சனிக்கிழமைகளில் முழுமையாக நடத்தி முடித்த பின், அவை கால அட்டவணையில் இல்லை என்ற காரணத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வாய்மொழி அனுமதி மட்டுமே பெற்றிருந்ததால் என்னால் எதையும் காட்ட முடியவில்லை. மருத்துவச் செலவும் வந்து சேரும் இந்த மாதங்களில் அப்படியொரு இழப்பை என் குடும்பம் தாங்காது. எனவே இத்திட்டத்திற்கான ஒப்புதலை எழுத்தில் அளித்து, அதன் நகலை அலுவலகக் கணக்குப் பிரிவுக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வகுப்பும் முடிந்தவுடன் பாடப் பதிவேட்டில் எழுதி, மாணவர் வருகையையும் குறித்து, அன்றே துறைத் தலைவரின் கையொப்பம் பெற்றுவிடுவேன்.

மாணவர்களுக்கு 75 விழுக்காடு வருகை தேவைப்படுவதால், ஈடுசெய் வகுப்புகளின் வருகையை விடுபட்ட வகுப்புகளுக்குரியதாகவே கணக்கிட வேண்டும் என்பதும், என் விடுப்பு காரணமாக எந்த மாணவருக்கும் வருகை குறைந்துவிடக் கூடாது என்பதும் என் வேண்டுகோள். இப்பருவம் முடியும் வரை இவ்விரு தாள்களையும் என் பொறுப்பிலேயே தொடர அனுமதிக்கவும் வேண்டுகிறேன்.

மருத்துவர் அளித்த சேர்க்கைக் கடிதத்தின் நகலையும், துறைத் தலைவர் கையொப்பமிட்ட ஈடுசெய் வகுப்பு அட்டவணையையும் இத்துடன் இணைத்துள்ளேன். முதல் கூடுதல் வகுப்பு 08.08.2025 அன்றே தொடங்குவதால், அதற்கு முன் தங்கள் ஒப்புதல் கிடைக்குமாயின் மாணவர்களுக்கு முறையாக அறிவித்துவிடுவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி. மெய்யம்மை