உங்கள் முதல் பில்: ரூ.599 திட்டத்துக்கு ரூ.1,626.67 வந்தது ஏன்

வணக்கம் முருகேசன் சார்,

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய மெயிலும், ரூ.599 இணையத் திட்டம் பற்றி பேப்பருக்குள் வந்த எங்கள் நோட்டீஸின் போட்டோவும் கிடைத்தன. உங்கள் பில், இணைப்பு விண்ணப்பம், டெக்னீஷியன் வந்துபோன பதிவு மூன்றையும் எடுத்துவைத்துப் பார்த்தபிறகுதான் இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்த பில்லில் ரூ.590 எங்கள் தவறு. அதைக் கழித்துவிட்டேன். நீங்கள் கட்டவேண்டியது ரூ.1,036.67 மட்டும்.

அதுவும் 599-ஐவிட அதிகம்தானே என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் இரண்டு.

உங்கள் வீட்டில் இணைப்பு கொடுத்தது ஜூன் 17. எங்கள் பில் கணக்கோ ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடியும். அதனால் ஜூன் 17 முதல் 30 வரை 14 நாள் தனியாக நிற்கிறது. 599-ஐ 30-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்கினால் ரூ.279.53. பில்லின் இரண்டாம் பக்கத்தில் முதல் வரி இதுதான். அதற்குக் கீழே இருக்கும் ரூ.599 ஜூலை மாதத்துக்கானது. வீட்டு வாடகையை மாதம் பிறந்ததும் கொடுப்பது போல, இந்தத் திட்டத்தில் மாத வாடகையை முன்கூட்டியே வாங்குகிறோம். ஆக, ஒரு மாதத்துக்கு என்று நினைத்து நீங்கள் பிரித்த பில்லில் ஒன்றரை மாதக் கணக்கு இருக்கிறது. மாத நடுவில் இணைப்பு வாங்கும் எல்லோருக்கும் முதல் பில் மட்டும் இப்படி வரும். இந்த 14 நாள் தொகை மறுபடி வராது.

இரண்டாவது ஜி.எஸ்.டி. இணைய சேவைக்கு 18 சதவீதம்: மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9. பில்லில் இரண்டும் தனித்தனியாக இருப்பதால் ஒரே வரியை இரண்டு தடவை போட்டுவிட்டதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை சார், இரண்டும் சேர்ந்துதான் 18. நோட்டீஸில் வலது ஓரம் கீழே 'வரிகள் தனி' என்று இருக்கிறது. உங்கள் போட்டோவைப் பெரிதாக்கித்தான் என்னாலேயே அதைப் படிக்க முடிந்தது. 599 அவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கும்போது அதன் பக்கத்திலேயே 'வரியுடன் ரூ.706.82' என்று போட்டிருக்க வேண்டும். உங்கள் போட்டோவையும் இணைத்து, இதை எங்கள் விளம்பரப் பிரிவுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இனி எங்கள் தவறு. பில்லில் 'இன்ஸ்டலேஷன் கட்டணம்' என்று ரூ.500-ம், அதற்கு வரி ரூ.90-ம் ஏறியிருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தின் ஸ்கேனில் 'இன்ஸ்டலேஷன் இலவசம்' கட்டத்தில் டிக் இருக்கிறது, பக்கத்தில் எங்கள் விற்பனைப் பிரதிநிதியின் கையெழுத்தும் இருக்கிறது. அதை கணினியில் ஏற்றும்போது விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் இலவசம் என்றுதான் சொன்னார் என்று நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. நீங்கள் இரண்டு தடவை போன் செய்தபோதும் எங்கள் ஆட்கள் அந்தப் படிவத்தைத் திறந்து பார்க்காமல் 'பில் சரிதான் சார்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் கணக்குப் பார்த்துச் செலவு செய்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரூ.590-க்கு கிரெடிட் நோட் இன்றே போட்டாயிற்று. இரண்டு நாளில் உங்கள் கணக்கில் தெரியும். ஏற்கெனவே மெயிலில் வந்த பில்லில் பழைய தொகைதான் இருக்கும், அது மாறாது. ஆப்பில் 'நிலுவை' என்ற இடத்தில் ரூ.1,036.67 என்று வந்தபிறகு கட்டினால் போதும். கடைசித் தேதி ஜூலை 18. அதற்குள் தாமதக் கட்டணமோ இணைப்புத் துண்டிப்போ எதுவும் இருக்காது. வீட்டில் யாராவது தெரியாமல் முழுத்தொகையையும் கட்டிவிட்டாலும் பயப்பட வேண்டாம், கூடுதல் பணம் அடுத்த பில்லில் கழிந்துவிடும்.

ஆகஸ்ட் 1 அன்று வரும் பில் ரூ.706.82. லேண்ட்லைன் அழைப்புகள் திட்டத்திலேயே அடக்கம் என்பதால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நீங்களாகக் கேட்டு எதையாவது சேர்க்காதவரை மாதாமாதம் இதே தொகைதான். இடையில் இணைப்பு வேண்டாம் என்று முடிவு செய்தால், முன்கூட்டி வாங்கிய வாடகையில் மீதமுள்ள நாட்களுக்கானது திரும்பக் கிடைக்கும்.

ஆகஸ்ட் பில் வந்ததும் நானே ஒருமுறை பார்த்துவிட்டு உங்களுக்கு போன் செய்கிறேன். காலை 11 மணிக்கு மேல் அழைக்கச் சொல்லியிருந்தீர்கள், குறித்துவைத்திருக்கிறேன். அதற்குமுன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள், என்னிடமே வரும். இந்தப் பதிலில் திருப்தி இல்லையென்றால் எங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத உங்களுக்கு உரிமை உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது. முகவரி பில்லின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
கவிதா
பில்லிங் பிரிவு, வாடிக்கையாளர் சேவை