மாப்பிள்ளைச் சொதி

(அம்மாவின் கல்யாணப் பத்திரிகை, 1984. அதன் பின்பக்கத்தில் நீல மையில் ஆச்சி எழுதிக் கொடுத்தது. ஓரங்களில் சிவப்பு மை அம்மா, பென்சில் மறுபடியும் ஆச்சி, கறுப்பு மை நான்.)

ஆறு பேருக்கு: பெரிய தேங்காய் 2, பாசிப்பருப்பு ஓர் ஆழாக்கு, பச்சைமிளகாய் 10, இஞ்சி விரல் நீளம், சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், முருங்கைக்காய் 2. காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு கைக்கு வந்த அளவு. எலுமிச்சம்பழம் 1.

*சிவப்பு, பிலாய், 1985:* இங்கே சின்ன வெங்காயம் கிடையாது. பெரிய வெங்காயம் போட்டு இனிப்பாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

தேங்காயை அரைத்து மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வைக்கவும். பருப்பைக் குழைய வேகவைக்கவும். இஞ்சியும் மிளகாயும் அரைக்கவும். வெங்காயம், பூண்டு வதக்கி, காய் போட்டு, அரைத்ததையும் உப்பையும் சேர்த்து மூன்றாம் பாலில் வேகவிடவும். அப்புறம் பருப்பு, இரண்டாம் பால். கடைசியில் முதல் பால். நுரை கட்டி வரும்போது இறக்கிவிடவும், கொதிக்கக் கூடாது. கடுகு, கறிவேப்பிலை தாளித்து எலுமிச்சம்பழம் பிழியவும்.

*சிவப்பு, 1986:* அடுப்பில் இருக்கும்போதே பிழிந்துவிட்டேன், பால் திரிந்துவிட்டது. அவருடைய ஆபீஸ்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நான் சமையல்கட்டில் நின்று அழுகிறேன்.

*பென்சில், 1987, நான் பிறந்தபோது பிலாய்க்கு வந்த ஆச்சி:* ஏளா, இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் பிழியணும். நம்ம வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

*சிவப்பு, 2009:* அவர் போய் எட்டு மாதம். இனி யாருக்குச் சொதி வைக்க?

*கறுப்பு, பெங்களூரு, 2023:* அம்மா, நான் இருந்தேனே. இந்த வரியைப் போன வாரம்தான் பார்த்தேன், டிரங்குப் பெட்டியில் உன் பட்டுப்புடவை மடிப்புக்குள் பத்திரிகை இருந்தது, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தேங்காயை மிக்சியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்தால் பால் நன்றாக வருகிறது. டாக்டர் சொன்னபடி உப்பு பாதிதான். எலுமிச்சை அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்தேன், ஆச்சி, திரியவில்லை.

*சிவப்பு, அன்றைக்கே, எழுத்து கோணலாக:* முருங்கைக்காய் கொஞ்சம் குழைந்துவிட்டது, பரவாயில்லை. மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டேன். ஆனால் பாப்பா, இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதியா? அதையும் ஆச்சி எழுதவில்லை. இதில் இடம் இல்லை, ஒரு தாள் எடுத்து வா, சொல்கிறேன்.