மேற்கூரை சூரிய மின் அமைப்பு: உங்கள் மதிப்பீட்டில் தொகை குறைந்துள்ளது, முடிவுக்கு அவசரம் இல்லை

மதுரை, 9 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய சண்முகம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முழுவதும் படிக்க இப்போது நேரமில்லை என்றால் இந்த முதல் பத்தி போதும். செப்டம்பர் 6 அன்று உங்கள் வீட்டு மாடிக்கு நாங்கள் கொடுத்த 3 கிலோவாட் மதிப்பீட்டின் தொகை, வரி குறைந்ததால் 1,99,150 ரூபாயிலிருந்து 1,90,575 ரூபாயாக இறங்கியிருக்கிறது. இந்த விலையை நவம்பர் 30 வரை மாற்றாமல் வைத்திருப்போம். தீபாவளிக்கு உங்கள் மகள் பெங்களூரிலிருந்து வந்ததும் கலந்து பேசித்தான் முடிவு செய்வீர்கள் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். அதுவரை எங்கள் பக்கமிருந்து அழைப்பு எதுவும் வராது. கீழே உள்ளவற்றை உங்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில் படிக்கலாம்.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "இன்று இரவுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் மானியம் கைநழுவிப் போகும், அடுத்த வாரம் விலை ஏறுகிறது, உங்கள் தெருவில் எல்லோரும் போட்டுவிட்டார்கள்" என்று அதில் இருந்தது. அதே நாளில் மூன்று முறை தொலைபேசியிலும் அழைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று நீங்கள் மதியம் ஓய்வெடுக்கும் நேரத்தில் வந்து, அம்மா எழுந்து வந்து எடுக்க வேண்டியதாயிற்று என்று அறிந்தேன். இதற்காக உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் செய்தியை நீங்கள் நீக்கிவிடலாம். அதில் இருந்தவை சரியான தகவல்களும் அல்ல என்பதால், விலை, மானியம் பற்றியவற்றைத் திருத்திச் சொல்வது என் கடமை.

விலை ஏறவில்லை. சூரிய மின் சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி. செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பொருத்தும் வேலைக்கான சேவை வரி 18 சதவீதமாகவே தொடர்வதால், மொத்தத் தொகையில் உங்களுக்குக் கிடைக்கும் குறைவு 8,575 ரூபாய். மானியமும் ஓர் இரவில் முடிந்துபோவதில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் கிடைக்கும். இந்தப் பணம் எங்கள் கைக்கு வருவதில்லை. அமைப்பு பொருத்தப்பட்டு, மின்வாரியம் சோதித்து, இருவழி மீட்டர் மாட்டிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். ஆகவே முதலில் முழுத் தொகையையும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தேவையென்றால் இத்திட்டத்துக்கென்று பொதுத்துறை வங்கிகள் பிணையின்றிக் கடன் தருகின்றன. உங்கள் கணக்கு உள்ள கிளையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

இனி, நான் இக்கடிதம் எழுத முக்கியக் காரணமான செய்திக்கு வருகிறேன். நீங்கள் அன்று காட்டிய மின்கட்டண அட்டையை மறுபடி பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 640 யூனிட் செலவாகிறது. நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், 3 கிலோவாட் அமைப்பு இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரை உற்பத்தி செய்யும். அதாவது உங்கள் தேவையை விட அதிகம். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கிடைக்கும். மீதி 160 யூனிட்டுக்குத்தான் வாரியத்தின் மின்சாரம் தேவைப்படும். 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கான உயர்ந்த கட்டண அடுக்கிலிருந்து நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். 2 கிலோவாட்டுக்கான எங்கள் தொகை வரியோடு 1,36,125 ரூபாய், மானியம் போக 76,125 ரூபாய். 3 கிலோவாட் என்றால் மானியம் போக 1,12,575 ரூபாய். கூடுதல் 36,450 ரூபாயைச் செலவிடுவது, வரும் ஆண்டுகளில் இன்னொரு ஏ.சி. வாங்கவோ மின்சார ஸ்கூட்டர் வாங்கவோ வீட்டில் எண்ணம் இருந்தால் மட்டுமே பொருந்தும். அப்படி எண்ணம் இல்லையென்றால் 2 கிலோவாட்டே போதும் என்பது என் கருத்து. முதல் மதிப்பீட்டிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் தண்ணீர்த் தொட்டி தெற்கு ஓரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தென்னை மேற்கே நிற்கிறது. வரிசையில் ஒரு பலகையின் மேல் நிழல் விழுந்தாலும் அதோடு இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். 2 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 200 சதுர அடி இருந்தால் போதும் என்பதால், தொட்டி நிழல் எட்டாத கிழக்குப் பகுதியிலேயே அதை முடித்துவிடலாம். துணி உலர்த்தும் இடமும் அம்மாவுக்கு அப்படியே மிஞ்சும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் நீளும். அவசரப்படாமல் ஒரு விடுமுறை நாளில் காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளைகளில் நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே பார்த்துக் குறித்து வைத்தால், யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் அது உதவும்.

மின்வெட்டின்போது இந்த அமைப்பு வேலை செய்யுமா என்று நீங்கள் கேட்டதற்கு எங்கள் ஆள் தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மின்கலம் இல்லாமல் வாரியத்தின் இணைப்போடு சேர்ந்து இயங்கும் அமைப்பு, மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து நேராமலிருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டர் அதே வேலையைத் தொடர்ந்து செய்யும். அதை விற்றுவிட வேண்டாம்.

வேறு நிறுவனங்களிடமும் மதிப்பீடு வாங்கிப் பாருங்கள். அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. யாரைத் தேர்ந்தெடுத்தாலும், pmsuryaghar.gov.in தளத்தில் பதிவு செய்த நிறுவனமா என்பதையும், பலகைகள் இந்தியாவில் தயாரித்த செல்களைக் கொண்டவையா என்பதையும், 5 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டும் இல்லையென்றால் மானியம் கிடைக்காது.

உங்களுக்குச் சிரமம் இல்லாமலிருக்க, இந்த மின்னஞ்சலுக்கு ஒரே சொல்லில் பதில் அனுப்பினால் போதும். "பார்க்கலாம்" என்று எழுதினால், தீபாவளி கழிந்து, அக்டோபர் 27க்குப் பிறகு நீங்கள் சொல்லும் நாளில் நானே நேரில் வந்து உங்கள் மகளின் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். "பிறகு" என்றால் தை மாதம் வரை காத்திருந்து ஒரே ஒரு முறை எழுதிக் கேட்பேன். விலை நவம்பருக்குப் பின் மாறியிருந்தால் அதையும் அப்போது தெரிவிப்பேன். "வேண்டாம்" என்றால் உங்கள் எண்ணை எங்கள் அழைப்புப் பட்டியலிலிருந்து அன்றே நீக்கிவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன். பதிலே அனுப்பாவிட்டாலும் உங்களை மறுபடி தொந்தரவு செய்ய மாட்டோம்.

தொலைபேசியில் பேச விரும்பினால் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, மதிப்பீட்டுத் தாளின் அடியில் உள்ள எண்ணில் நான் கிடைப்பேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
மீனாட்சி
வாடிக்கையாளர் தொடர்பு, மேற்கூரை சூரிய மின் பிரிவு