பள்ளி மேசை-பெஞ்சு 640 செட் ஒப்பந்தப்புள்ளி: விவரக்குறிப்பு, ஒப்படைப்பு நிபந்தனைகளில் விளக்கம் கோருதல்

சேலம், 6.2.2026

பெறுநர்: ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர் அவர்கள்

பார்வை: ஒப்பந்தப்புள்ளி எண் 14/2025-26, 22 பள்ளிகளுக்கு இருவர் அமரும் மேசை-பெஞ்சு வழங்கல். முன்கூட்டம் 12.2.2026 காலை 11 மணி. கடைசி நேரம் 27.2.2026 பிற்பகல் 3 மணி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை நானும் எங்கள் வெல்டிங் மேஸ்திரியும் தச்சரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். இந்த வேலையைச் செய்ய மனமார விரும்புகிறோம். பள்ளித் தளவாடம்தான் எங்கள் பட்டறையின் முக்கிய வேலை. ஆனால் சில இடங்களை இரண்டு விதமாகப் படிக்க முடிகிறது. இப்படியே விட்டால் ஆளுக்கொரு அர்த்தத்தில் விலை போடுவார்கள். கடைசியில் குறைந்த விலையாக வருவது, மலிவான அர்த்தத்தை எடுத்துக்கொண்டவரின் விலையாகத்தான் இருக்கும். அதனால்தான் விலை போடுவதற்கு முன்பே கேட்கிறேன். பதில் எழுத வசதியாகக் கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

பொருள் பற்றி

1. பக்கம் 9-இல் சட்டத்துக்கு "25 x 25 மி.மீ. ஸ்கொயர் பைப், 16 கேஜ், 1.2 மி.மீ. கனம்" என்று இருக்கிறது. 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ.; 1.2 மி.மீ. என்பது 18 கேஜ். இரண்டில் எது? 1.6 மி.மீ. பைப் மீட்டருக்குச் சுமார் 1.18 கிலோ இருக்கும், 1.2 மி.மீ. பைப் 0.90 கிலோ. உங்கள் வரைபடப்படி ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 11.5 மீட்டர் பைப் போகிறது. ஒரு செட்டுக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம், 640 செட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2 டன் இரும்பு.

விலையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பின்னால் சாய்ந்து இரண்டு காலில் நிறுத்துவார்கள். அப்போது பாரம் முழுவதும் பின்கால் சேரும் மூலை வெல்டிங்கில் இறங்கும். மெல்லிய பைப்பில் வெல்டிங் நிற்கும், அதை ஒட்டிய பைப் கிழியும். பழுதுக்கு எங்களிடம் வரும் பெஞ்சுகளில் அந்த இடத்தைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். 1.6 மி.மீ. தான் வேண்டும் என்றால் அதைத் தெளிவாக எழுதி, கூட்டல் கழித்தல் எவ்வளவு ஏற்கப்படும் என்பதையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

2. பலகைக்கு "18 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். பிளைவுட், ஐ.எஸ். 710" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். பி.டபிள்யூ.ஆர். தரம் வருவது ஐ.எஸ். 303-இல். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. வகுப்பறைக்குள் இருக்கும் மேசைக்கு, விளிம்பை ஒழுங்காக மூடினால், ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். போதும் என்பது என் கருத்து. முடிவு உங்களுடையது, எதுவானாலும் ஒரே ஒரு எண் இருக்கட்டும்.

3. அந்த விளிம்பு பற்றித்தான் ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. மேலே 1 மி.மீ. மைகா ஒட்ட வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பக்கவாட்டில் என்ன? பி.வி.சி. எட்ஜ் பேண்டிங்கா, தேக்கு ரீப்பரா, வார்னிஷ் மட்டுமா? பக்கம் 15-இல் மூன்று ஆண்டு உத்தரவாதம் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் தரையைக் கழுவுவார்கள், தண்ணீர் பாட்டில் மேசை மேல் கவிழும். விளிம்பு வழியாக ஈரம் ஏறினால் பலகை உப்பி மைகா விட்டுவிடும். ரீப்பர் அடித்தால் விலை கூடும், ஆனால் நாள் தாங்கும். எந்த முறை என்று சொல்லாமல் உத்தரவாதத்தை மட்டும் கேட்டால் எங்களால் சரியாக விலை போட முடியாது.

4. மேசை நீளம் பக்கம் 9-இல் 1200 மி.மீ., வரைபடம் 3-இல் 1250 மி.மீ. எது சரி? வெறும் 50 மி.மீ. தானே என்று தோன்றலாம். பிளைவுட் ஷீட் 2440 x 1220 மி.மீ. அளவில் வருகிறது. 1200 என்றால் ஷீட்டின் நீளவாக்கில் இரண்டு பலகை விழும். 1250 என்றால் ஒன்றுதான், மீதி 1190 மி.மீ. துண்டாக நிற்கும். 400 மி.மீ. அகல மேல்பலகை ஒரு ஷீட்டில் ஆறு விழுவதற்குப் பதில் மூன்றுதான் விழும். பெஞ்சுப் பலகைக்கும் இதே கதி. 1200 என்று முடிவு செய்தால் அலுவலகத்துக்கும் பணம் மிச்சம், மரமும் வீணாகாது.

5. பெஞ்சு உயரம் எல்லா வகுப்புக்கும் 450 மி.மீ. என்று ஒரே அளவாக இருக்கிறது. பட்டியலில் உள்ள 22 பள்ளிகளில் 9 தொடக்கப் பள்ளிகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 450 மி.மீ. உயரத்தில் கால் தரையில் பதியாது. நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும், தொடைக்கு அடியில் பலகை விளிம்பு அழுத்தும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தாழ்ந்த அளவு ஒன்றும், மற்றவர்களுக்கு இப்போதுள்ள அளவும் என்று இரண்டு அளவாகப் பிரிக்க முடியுமா? வகுப்பு வாரியான எண்ணிக்கை கிடைத்தால் போதும். அளவைப் பிரிப்பதால் செய்கூலி எங்களுக்குப் பெரிதாக ஏறாது, அதற்காக விலை ஏற்றவும் மாட்டோம்.

6. பவுடர் கோட்டிங் "நல்ல தரத்தில்" என்பதற்குப் பதில் மைக்ரான் கணக்கில் ஒரு எண் வேண்டும். 60 முதல் 80 மைக்ரான் வரை நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது. நிறமும் சொல்லிவிடுங்கள்.

ஒப்படைப்பு பற்றி

7. பக்கம் 12-இல் 45 நாள், பக்கம் 18-இல் உள்ள ஒப்பந்த மாதிரிப் படிவத்தில் 30 நாள். எது பொருந்தும்? அந்த நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்கும்: ஒர்க் ஆர்டர் தேதியா, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் தேதியா, மாதிரி செட்டுக்கு ஒப்புதல் கிடைக்கும் தேதியா? மாதிரி செட்டைப் பார்த்து ஒப்புதல் தர அலுவலகத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று எங்கும் இல்லை. மாதிரி அங்கே காத்திருக்கும் நாட்கள் எங்கள் கணக்கில் ஓடுவது நியாயமாக இருக்காது. மாதிரி ஒப்புதல் தேதியிலிருந்து 45 நாள் என்றால் எங்களால் உறுதியாக முடிக்க முடியும்.

8. ஒரு இடத்தில் "பள்ளி வாரியாக", இன்னொரு இடத்தில் "குறிப்பிடப்படும் கிடங்கில்" ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. பள்ளி வாரியாக என்றால், பட்டியலில் 6 பள்ளிகள் கொல்லிமலையில் இருக்கின்றன, அவற்றுக்கு மட்டும் 168 செட். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. பெரிய லாரியில் ஏற்றி அனுப்புகிற பேச்சே இல்லை; 407 வண்டியில் அதிகம் போனால் 24 செட் ஏறும். ஆக ஏழு நடை. சமவெளிப் பள்ளிகளுக்கும் மலைப் பள்ளிகளுக்கும் விலைப்பட்டியலில் தனித்தனி வரி இருந்தால் எல்லாரும் உண்மையான வண்டி வாடகையைப் போடுவார்கள். இப்போது ஒரே வரிதான் இருக்கிறது. அப்புறம், அந்த 6 பள்ளிகளில் வண்டி வாசல் வரை போகுமா, தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டிய பள்ளி எது என்ற விவரமும் தேவை. அனுமதித்தால் முன்கூட்டத்துக்கு முன்பே சொந்தச் செலவில் நேரில் போய்ப் பார்த்து வருகிறோம்.

9. இறக்குக்கூலி, வகுப்பறைக்குள் கொண்டுபோய் வைக்கும் கூலி யார் பொறுப்பு? மாடி வகுப்பறைகள் எத்தனை?

10. ஒப்படைப்பு ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரும்போலத் தெரிகிறது. அது கோடை விடுமுறை. டெலிவரி செலானில் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்று பக்கம் 13 சொல்கிறது. பள்ளி பூட்டியிருந்தால் யார் பெற்றுக்கொள்வார்கள்? சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஒப்பந்தத்தில் எங்கள் வண்டி மூடிய பள்ளி வாசலில் ஒரு ராத்திரி முழுக்க நின்றது. மழை வந்து பாதி அட்டை நனைந்தது, காத்திருந்த நாளையும் தாமதம் என்றே கணக்கில் எழுதினார்கள். அதனால் கேட்கிறேன்: மாற்றாகக் கையெழுத்திட ஒருவரை, வட்டார அளவிலாவது, எழுத்துப்பூர்வமாகக் குறிப்பிட முடியுமா? பெற்றுக்கொள்ள ஆள் இல்லாத நாளுக்கு அபராதம் கிடையாது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

11. தாமத அபராதம் வாரத்துக்கு 1 சதவீதம் என்கிறது ஆவணம். மொத்த ஒப்பந்த மதிப்பிலா, தாமதமான செட்டுகளின் மதிப்பிலா? உச்சவரம்பு எத்தனை சதவீதம்?

12. பணம்: 22 பள்ளிகளும் முடிந்த பிறகுதானா, அல்லது பள்ளி வாரியாக பில் போடலாமா? எங்களைப் போன்ற சிறிய பட்டறைக்கு இந்த ஒரு பதிலே பங்கேற்பதா இல்லையா என்பதை முடிவு செய்யும். இரும்புக்கும் பிளைவுட்டுக்கும் முன்பணம் கட்டித்தான் சரக்கு எடுக்கிறோம். மாதம் ஒரு முறையாவது, ஒப்படைத்த அளவுக்கு 80 சதவீதம் கிடைத்தால் தாங்குவோம்.

13. விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, தவிர்த்தா? விலைப்பட்டியலில் தனிக் கட்டம் இல்லை. உத்யம் பதிவுள்ள குறு நிறுவனத்துக்கு முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டா என்பதையும் தெரிவிக்கவும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழான விதிகளின்படி, இந்தப் பதில்களைக் கேட்டவர் யார் என்று குறிப்பிடாமல் ஆவணம் வாங்கிய அனைவருக்கும் அனுப்பிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு அதில் முழுச் சம்மதம். 1, 4, 5, 7 ஆகிய நான்கும் விவரக்குறிப்பையோ கால அளவையோ மாற்றக்கூடியவை என்பதால், அவற்றுக்குத் திருத்த அறிவிப்பாகவே வெளியிட்டால் பின்னால் குழப்பம் வராது. பதில் 18-ஆம் தேதிக்குள் கிடைத்தால் பைப், பிளைவுட் கடைகளில் புது விலை வாங்கிக் கணக்குப் போட நேரம் இருக்கும். அதற்குமேல் தாமதமானால் கடைசி நாளைத் தள்ளிவைப்பது பற்றியும் யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

12-ஆம் தேதி முன்கூட்டத்துக்கு நானும் மேஸ்திரியும் வருகிறோம். 16 கேஜ், 18 கேஜ் பைப்பில் வெல்டிங் செய்த மூலைத் துண்டுகள் இரண்டும், விளிம்பு மூடியதும் மூடாததுமாக மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்த பலகைத் துண்டுகளும் கொண்டுவருகிறோம். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்,
பள்ளித் தளவாடப் பட்டறை,
ஓமலூர் சாலை, சேலம்

இணைப்பு: பக்கம் 9, 12, 18 மற்றும் வரைபடம் 3-இன் நகல்கள், முரண்படும் இடங்கள் சிவப்பு மையில் குறிக்கப்பட்டவை.