மது பரிமாறும் விதிகள்: குமுளி உணவகப் பணியாளர்களுக்கு

கேரளத்தில் 23 வயது நிறையாதவருக்கு மது கொடுக்கக் கூடாது. மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் 21 என்பதால் கம்பம், தேனிப் பக்கத்து இளைஞர்கள் வாதாடுவார்கள். "இங்கே சட்டம் இதுதான் தம்பி" என்று தணிவாகச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ வாங்கி, பிறந்த ஆண்டோடு மாதத்தையும் தேதியையும் பாருங்கள். நாள் கணக்கில் குறைந்தாலும் இல்லைதான். வயது நிறைந்த நண்பர் தன் கிளாஸை நகர்த்திக் கொடுத்தால் அந்த மேசைக்கே நிறுத்திவிடுங்கள்.

மாதத்தின் 1ஆம் தேதியும் அக்டோபர் 2ஆம் தேதியும் மது இல்லை. தேர்தல் போன்ற மற்ற நாட்களுக்கான அறிவிப்பு கேஷ் கவுண்டரில் ஒட்டப்படும். அறை எடுத்தவர் கேட்டாலும் விலக்கில்லை.

ஒருவருக்கு 60 மில்லி அளவில் மூன்று, அல்லது பீர் இரண்டு பாட்டில். இது நம் உணவகம் வைத்த வரம்பு. வண்டி ஓட்டுபவர் யார் என்று முதலிலேயே கேளுங்கள். அவருக்கு ஒன்றுகூட வேண்டாம். லோயர் கேம்ப் இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகள் இரவில் பொல்லாதவை. நாக்கு குழறினால் வரம்புக்கு முன்பே நிறுத்தி, தண்ணீரும் சாப்பாடும் வையுங்கள். சத்தம் போட்டால் மேலாளரைக் கூப்பிடுங்கள். மறுத்ததற்காக யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டோம்.