எது முதலில் உள்ளே போகும்?

படம் அழகாகத்தான் இருந்தது. ஆறடிக்கு மூன்றடி சாப்பாட்டு மேசை, தேக்கு நிறம், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிறது. காலின் துளைக்குள் செருகச் சட்டத்தின் நுனியில் செதுக்குகிற நாக்குதான் கழுந்து; அந்தக் கழுந்து முனைகள் கால்களின் வெளிப்பக்கத்தில் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. ஓரத்தில் ஒரு ட்ராயர், அதன் மூலையில் புறாவின் வால்போல் விரிந்த பற்களைக் கோத்த புறாவால் பொருத்து. மேசைமேல் யாரோ வைத்த மாதிரி ஒரு பித்தளைச் செம்பு.

"எந்தக் கடை தங்கச்சி?" என்றார் தச்சர் முருகேசன்.

"கடை இல்லண்ணே. எனக்கு வேணும்கிறதைக் கம்ப்யூட்டர்ல எழுதிக் கொடுத்தேன், அதுவே போட்டுக் கொடுத்துச்சு. இதே மாதிரி, அச்சு அசலா வேணும்."

கவிதா பெங்களூரில் வேலை பார்க்கிறவள். காரைக்குடியில் அப்பா வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பர்மா தேக்கு உத்திரங்கள் இரண்டு, ஆணித் துளைகளோடு, பட்டறை வாசலில் ஏற்கெனவே இறங்கியிருந்தன. நல்ல மரம். அதை அறுக்கும்போது வரும் வாசனைக்காகவே கூலியில் கொஞ்சம் குறைக்கலாம் என்று முருகேசன் நினைப்பதுண்டு, குறைத்ததில்லை.

"படத்தை அனுப்பிட்டுப் போம்மா. நாளைக்குச் சொல்றேன்."

அவள் போனதும் அக்கா மகன் கார்த்தி போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினான். முருகேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்காலில் ஆரம்பித்தார். நீளச் சட்டத்தின் கழுந்து காலை ஊடுருவி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. குறுக்குச் சட்டத்தின் கழுந்தும் அதே காலை ஊடுருவி அடுத்த முகத்தில் எட்டிப் பார்த்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே அளவு.

"இது எப்படி மாமா? உள்ளே ரெண்டும் இடிக்குமே."

"இடிக்கும். எது முதலில் உள்ளே போகும்னு கேளு, படம் பதில் சொல்லாது."

நீளச் சட்டம் முதலில் போனால் காலின் நடுவை அது அடைத்துக்கொள்ளும், குறுக்கு வரமுடியாது. உள்ளே போன கழுந்திலேயே துளை போட்டு இன்னொன்றைச் செலுத்தலாம் என்றால், இரண்டும் ஒரே உயரம் என்பதால் முதல் கழுந்து இரண்டு துண்டாகிவிடும். முருகேசன் வாங்கியிருந்த பழைய கட்டில்களில் இதற்கு வழி உண்டு: நாலங்குலச் சட்டத்தில் ஒன்றுக்கு மேல்பாதியில் கழுந்து, மற்றதற்குக் கீழ்பாதியில். காலுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொடாமல் கடந்து போகும். வெளியே பார்த்தால் ஒரு முகத்தில் சதுரம் மேலே, அடுத்த முகத்தில் கீழே. படத்தின் அழகுக்கு இது ஒத்துவராது, காலுக்கு ஒத்துவரும்.

"அந்தச் சதுரத்தை நல்லாப் பெரிசாக்கு."

கார்த்தி பெரிதாக்கினான். கழுந்தின் முனை என்றால் வெட்டு முகம் தெரியவேண்டும். புள்ளியும் வளையமுமாக, பாலிஷ் போட்டால் மற்ற இடத்தைவிடக் கறுத்து. இதில் பலகையின் ரேகை நீளவாக்கில் ஓடியது. அது மட்டுமில்லை, ஒரு ரேகை சட்டத்தில் தொடங்கிக் காலுக்குள் நுழைந்து கீழே வளைந்து இறங்கியது.

"மரம் இப்படி வளர்ந்தா நமக்கு வேலையே இல்லடா," என்றார். "நேரா மேசையாவே முளைச்சிருக்கும்."

மேல் பலகையின் இரு முனைகளிலும் குறுக்குப் பட்டை, அதில் மும்மூன்று மர ஆணி. ஆணிகள் கச்சிதமாக வட்டம். இங்கே அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மூன்றடி அகலத் தேக்கு மழைக்காலத்தில் ஒரு நூலோ இரண்டு நூலோ அகலும், சித்திரையில் சுருங்கும். குறுக்குப் பட்டையின் ரேகை அதன் நீளவாக்கில் ஓடுவதால் பட்டை அப்படி நீளாது, சுருங்காது. மூன்று ஆணியையும் இறுக்கி அடித்தால் பலகை எங்காவது வெடித்தே தீரும். நடு ஆணியை மட்டும் இறுக்கி, ஓர ஆணிகளுக்கு, பட்டைக்குள் போகிற பலகையின் கழுந்தில் நீள்துளை விடவேண்டும். மேலே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி வட்டமாகத்தான் தெரியும். ஆக, இந்த இடத்தில் படம் தப்பென்றும் சொல்லமுடியவில்லை. அவருடைய அப்பா செய்த மேசையைப் படம் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும்.

ட்ராயர் மூலைதான் அவரை உட்கார விடவில்லை. புறாவால் என்றால் ஒரு முகத்தில்தான் வால் விரிந்து தெரியும், அடுத்த முகத்தில் வெறும் கட்டமாகத் தெரியும். இந்தப் படத்தில் இரண்டு முகத்திலும் வால். நேராகத் தட்டினால் எந்தப் பக்கமிருந்தும் உள்ளே போகாது.

"இது சுத்தப் பொய், இல்ல மாமா?"

"பொறு."

கழிவிலிருந்து இரண்டு வேப்பம் பலகைத் துண்டை எடுத்தார். பென்சிலால் இரண்டு முகத்திலும் சாய்வு போட்டார். நேராக இறக்காமல் மூலைவாக்கில் இறக்குவதாக நினைத்து, எல்லாச் சாய்வையும் அந்த ஒரே திசைக்கு ஒத்து அறுத்தார். மூலைமட்டம் இதற்கு உதவாது, சாய்மட்டம் வைத்தே பார்க்கவேண்டும். உளியால் அடியைச் சுத்தம் செய்து கொட்டாப்புளியால் தட்டியபோது இரண்டு துண்டும் மூலைவாக்கில் சறுக்கி உட்கார்ந்தன. இரண்டு முகத்திலும் வால்.

கார்த்தி வாயைப் பிளந்தான். "வந்துருச்சே!"

"வந்த வழியிலேயே போகவும் செய்யும்." மூலையைப் பிடித்துச் சாய்வாக இழுத்தார். கையோடு வந்தது. "பசை மட்டும்தான் பிடிக்கணும். தினமும் இழுக்கிற ட்ராயருக்கு வாலு பக்கப் பலகையில இருக்கணும். அப்பத்தான் இழுக்க இழுக்க அது விடாது."

மறுநாள் கவிதா வந்தபோது வேப்பந்துண்டை அவள் கையில் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படத்துல இருக்கிறதேதானேண்ணே? அப்ப செய்யலாம்ல?"

"சுவத்துல மாட்டுற சாமான் பெட்டிக்குச் செய்யலாம். ட்ராயருக்கு வேண்டாம்." பிறகு காலுக்கு வந்தார். ஒரு சதுரம் மேலே, ஒரு சதுரம் கீழே என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார்.

"ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தாத்தான் அழகு," என்றாள்.

"இருக்கும். ஒன்னை நிஜக் கழுந்தா விட்டு, இன்னொன்னுக்குச் சின்னத் துண்டை வெளியே ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது. செய்யவா?"

அவள் யோசித்தாள். வேப்பந்துண்டைப் பிரித்தாள், சேர்த்தாள், மறுபடி பிரித்தாள்.

"வேண்டாம். மேலே கீழேயே இருக்கட்டும். பூட்டுற அன்னிக்கு நான் வந்து பார்க்கலாமா?"

"பசை போடறதுக்கு முன்னாடி வா. போட்டப்புறம் பேச நேரம் இருக்காது."

கூலி பேசினார்கள். அவள் கேட்ட தொகைக்கு அவர் சிரித்தார், அவர் சொன்ன தொகைக்கு அவள் சிரிக்கவில்லை. நடுவில் எங்கோ நின்றது. கிளம்பும்போது அவள் திரும்பினாள்.

"ட்ராயர் கைப்பிடி மட்டும் படத்துல இருக்கிற மாதிரியே வேணும்ணே."

"அது எதுல பிடிச்சிருக்குன்னு பார்த்துச் சொல்லு."

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். கைப்பிடியின் ஒரு முனை ட்ராயரில் இருந்தது, மறுமுனை மேசையின் காலுக்குள் போயிருந்தது.

"அப்போ ட்ராயர் திறக்காதே!"

"திறக்கணும்னா கூலி தனி," என்றார் முருகேசன்.